அங்கியின் நீளமும் களஞ்சியத்தின் சாவியும்

லியோன் நகரத்து ஏழைகள் எனப்பட்டோர், பொருளைத் துறந்தார்கள் என்பதற்காக அன்று, ஆயரின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார்கள் என்பதற்காகவே 1184 ஆம் ஆண்டில் வெரோனா நகரில் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று தீர்க்கப்பட்டார்கள். அவர்கள் சாதாரணக் குடிமக்கள், குருப்பட்டம் பெறாதவர்கள். ஆனால் இப்பொழுது நாம் காணப்போகிறவர்களோ, திருச்சபையின் மடியிலேயே வளர்ந்தவர்கள். பாப்பரசர் முத்திரையிட்டு அங்கீகரித்த பிரான்சிஸ்கன் சபையின் சகோதரர்கள். ஏழ்மையைத் தங்கள் விரதத்தின் முதல் வாக்கியமாகவே ஏற்றுக்கொண்டவர்கள். இவர்களுள் நால்வர், 1318 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் தேதி, மார்செய் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களைக் குற்றவாளிகளென்று தீர்ப்புக் கூறிய மத விசாரணை அதிகாரியும் ஒரு பிரான்சிஸ்கன் சகோதரரே. குட்டையான, ஒட்டுப் போட்ட அங்கியைக் களைய மறுத்ததிலும், மடத்தில் தானியக் களஞ்சியமும் திராட்சரச நிலவறையும் கூடாது என்று வற்புறுத்தியதிலும் தொடங்கிய வழக்கு, சிதையில் வந்து முடிந்த வரலாறு நிதானமாக ஆராய்வதற்கு உரியது.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1226 ஆம் ஆண்டில் காலமானபொழுது, தம்முடைய மரண சாசனத்தில், தாம் வகுத்த ஒழுங்குக்கு எவரும் வியாக்கியானம் செய்யலாகாது என்றும், அதனைத் தளர்த்தும்படி ரோமாபுரியினின்று சலுகை எதனையும் கேட்டுப் பெறலாகாது என்றும் தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டுச் சென்றார். நான்கே ஆண்டுகளில், 1230 இல், அவருடைய நண்பராகவும் புரவலராகவும் இருந்த ஒன்பதாம் கிரெகோரி பாப்பரசர், அந்தச் சாசனம் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார். இதனைத் துரோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு சொல்வது நியாயமாகாது. பன்னிரண்டு பேர் குடிசையில் வாழ்வதற்கு வகுக்கப்பட்ட ஒழுங்கை, பாரிஸிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்விச்சாலைகள் நடத்தி, நகரந்தோறும் மக்களுக்குப் பிரசங்கம் செய்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு மாபெரும் ஸ்தாபனம் எழுத்துக்கு எழுத்து அனுசரிப்பது இயலாத காரியம். போதகருக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அறை வேண்டும். நோயாளிக்கு மெத்தை வேண்டும். இவையெல்லாம் யாருடைய சொத்து?

இந்தக் கேள்விக்குச் சட்ட நிபுணர்கள் கண்ட விடை நுட்பமானது. பொருளின் உரிமை வேறு, உபயோகம் வேறு. விருந்தினன் ஒருவன் பிறர் வீட்டு இலையில் உண்பதனால் அவ்வீட்டுக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை. அதுபோலச் சகோதரர்கள் உண்பன, உடுப்பன, வாசிப்பன யாவற்றுக்கும் உரிமையாளர் பாப்பரசரே, சகோதரர்களுக்கு இருப்பது வெறும் உபயோகம் மாத்திரமே என்று 1245 இல் நான்காம் இன்னசென்ட் விதித்ததை, 1279 ஆம் ஆண்டில் மூன்றாம் நிக்கலஸ் ஒரு பெரிய சாசனத்தின் மூலம் உறுதிப்படுத்தினார். தனியாகவும் கூட்டாகவும் எதனையும் உரிமையாக்கிக்கொள்ளாத இந்த வாழ்வே கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் காட்டிய பரிபூரண மார்க்கம் என்றும், இதனைப் பற்றி இனி எவரும் விவாதம் எழுப்பலாகாது என்றும் அச்சாசனம் கூறிற்று. பின்னால் நேர்ந்த விபரீதங்கள் யாவும் இந்த ஒரு பத்திரத்தைச் சுற்றியே சுழன்றன என்பதனால், வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமை இல்லை என்பது சரி. உபயோகத்துக்கு ஓர் அளவு இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் பேதுரு யோவான் ஒலிவி. பிரான்ஸின் தென்பகுதியில், பெஸியே நகருக்கு அருகிலுள்ள செரிஞான் என்னும் ஊரில் பிறந்து, பாரிஸில் பயின்று, நார்போன், மோன்பெலியே மடங்களில் போதித்த இவர், அந்நூற்றாண்டின் மிகக் கூரிய சிந்தனையாளர்களுள் ஒருவர். உரிமையை மட்டும் துறந்துவிட்டு, செல்வந்தர் உண்பதை உண்டு, அவர்கள் உடுப்பதை உடுத்து வாழலாம் என்றால், அந்த விரதம் உள்ளீடற்ற கூடு ஆகிவிடாதா? ஆகையால் ஏழ்மையான உபயோகமும் விரதத்தின் ஓர் அங்கமே என்று அவர் வாதித்தார். எதிர்த்தரப்பார் கூறியதும் அலட்சியம் செய்யத்தக்கது அன்று. உரிமையைத் துறத்தல் தெளிவான எல்லை. ஆனால் ஏழ்மையான உபயோகத்துக்கு எல்லை ஏது? இன்று ஒரு கவளம் அதிகமாக உண்டவன் விரதபங்கம் செய்தவனாகி மகாபாவத்தில் வீழ்ந்துவிடுவானோ என்று ஒவ்வொரு சகோதரரும் ஒவ்வொரு வேளையும் அஞ்சவேண்டி வருமே என்றார்கள் அவர்கள். ஒலிவி இதற்கும் விடை வைத்திருந்தார்: அளவு திட்டமாக வகுக்க முடியாததுதான், ஆதலால் சிறு பிசகுகள் சிறு குற்றங்களே, ஏழை என்று சொல்லவே கூசும்படி வழக்கமாகச் செல்வவாழ்வு வாழ்பவன்தான் விரதத்தை முறித்தவன். எனக்கு இந்த விடை நியாயமானதாகவே தோன்றுகிறது.

1283 இல் அவருடைய கருத்துக்கள் சில பாரிஸில் கண்டிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளில் மீண்டும் மதிப்புப் பெற்று பிளாரன்ஸ் நகர மடத்துக்குப் போதகராக அனுப்பப்பட்டார். மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார் என்பது முக்கியமானது. ஆனால் திருவெளிப்பாட்டு ஆகமத்துக்கு அவர் எழுதிய உரையில், செல்வத்திலும் அதிகாரத்திலும் மூழ்கிய ஒரு மாம்சத் திருச்சபை எழுந்து, சுவிசேஷ ஏழ்மையைக் கைக்கொள்பவர்களை உபத்திரவம் செய்யும் காலம் நெருங்குகிறது என்று குறிப்பிட்டிருந்தார். 1298 இல் நார்போனில் அவர் இறந்ததும், அவருடைய கல்லறை ஒரு க்ஷேத்திரமாயிற்று. ஆண்டுதோறும் மார்ச் மாதம் 14 ஆம் தேதி நகரமாந்தரும் கிராமத்தாரும் குருமாரும் அங்கே திரண்டனர். நெசவாளரும் தையற்காரரும் விதவைகளுமாகிய இந்தப் பக்தர்கள் பெரும்பாலும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர்கள். ஜனங்கள் அவர்களைப் பெகீன்கள் என்று அழைத்தார்கள். ஒலிவியின் நூல்களைத் தம் நாட்டு மொழியில் எழுதி வைத்துக்கொண்டு, வீடுகளில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது அவர்களுடைய வழக்கம்.

சபைக்குள் கண்டிப்பை வேண்டியவர்களுக்கு ஆன்மிகர் என்றும், நடைமுறையை ஏற்றுக்கொண்ட பெரும்பான்மையோருக்குச் சமூகத்தார் என்றும் பெயர் வழங்கலாயிற்று. இரு சாராரின் வழக்கையும் கேட்ட ஐந்தாம் கிளெமென்ட் பாப்பரசர், 1312 இல் வியென் நகரச் சங்கத்தின் முடிவில் வெளியிட்ட சாசனத்தில், மடங்களில் நேர்ந்த மிகுதிகளைக் கண்டித்தார். எனினும் தானியமும் திராட்சரசமும் சேமித்து வைப்பதை முற்றிலும் விலக்காமல், நாள்தோறும் யாசித்துக் கிடைக்காது என்று அனுபவத்தால் தெரிந்த இடங்களில் மேலதிகாரிகளின் தீர்மானப்படி செய்யலாம் என்று விட்டுவைத்தார். மறுநாளுக்கென்று வைத்துக்கொள்ளாமல் யாசித்து உண்பதே பிரான்சிஸ் காட்டிய வழி என்று நம்பியவனுக்கு, ஓராண்டுக்கான கோதுமை நிரம்பிய களஞ்சியத்தின் சாவி மடத்தில் தொங்குவது, கடவுளின் பராமரிப்பில் நம்பிக்கை இல்லை என்று சுவரில் எழுதி வைத்ததற்குச் சமானம். ஆனாலும் கிளெமென்ட் உயிரோடு இருந்தவரை ஓரளவு சமாதானம் நிலவிற்று. ஏனெனில் ஆன்மிகரைத் துன்புறுத்திய மடத்தலைவர்களை அவர் பதவியினின்று நீக்கியிருந்தார்.

1314 இல் அவர் இறந்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பாப்பரசர் இல்லை. பழைய தலைவர்கள் திரும்பிவர, நார்போன், பெஸியே நகரங்களின் ஆன்மிகர், நகரமக்களின் துணையோடு அவர்களை வெளியேற்றி, அவ்விரு மடங்களையும் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். அங்கே தானியக் களஞ்சியம் இல்லை. அங்கி முழங்காலுக்குச் சற்றே கீழிறங்கும் குட்டையான, குறுகலான, முரட்டுத் துணி. சமூகத்தாரின் நீண்ட, மடிப்பு மடிப்பான அங்கியிலிருந்து ஒரு பார்வையிலேயே வேறுபடுத்திக் காட்டிய அந்தத் துணி, யாருக்கு யார் கீழ்ப்படிகிறார்கள் என்பதைத் தெருவில் நடக்கும் எவருக்கும் அறிவித்தது. வழக்கு ஆடையைப் பற்றியதாக ஆனதன் இரகசியம் இதுவே. ஓர் இறையியல் தத்துவத்தைக் கண்ணால் காண முடியாது, அங்கியைக் காணலாம்.

1316 ஆகஸ்டு மாதம் 7 ஆம் தேதி, எழுபது வயதைக் கடந்த ஜாக் துயேஸ் என்னும் கர்தினால், இருபத்திரண்டாம் ஜான் என்ற பெயருடன் பாப்பரசரானார். சட்டம் பயின்றவர், நேப்பிள்ஸ் அரசரிடம் மந்திரிப் பதவி வகித்தவர், கணக்கிலும் நிருவாகத்திலும் நிகரற்றவர், எளிய பழக்கவழக்கங்கள் உடையவர், ஆனால் கட்டளையை மீறுபவனிடம் இரக்கம் காட்டாதவர். அதே ஆண்டில் பிரான்சிஸ்கன் சபையின் பொதுத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சேசேனா நகரத்து மைக்கேல். சபை பிளவுபடாமல் காக்கவேண்டும் என்பதே மைக்கேலின் ஒரே கவலை. அதற்கு ஆன்மிகரை அடக்குவதே வழி என்று அவர் கருதினார்.

1317 இளவேனிலில், நார்போன், பெஸியே மடத்தார் அறுபதுக்கு மேற்பட்டோர் பாப்பரசரின் கட்டளைப்படி அவிஞோன் நகருக்கு நடந்து சென்றார்கள். தங்கள் சபையின் மடம் அந்நகரிலேயே இருந்தபோதிலும், அங்கே தங்க மனமின்றி, இரவு முழுவதும் பாப்பரசரின் மாளிகை வாயிலிலேயே கிடந்தார்கள். மறுநாள் அவர்களுக்காகப் பேச எழுந்த பெர்னார் தெலிசியோ, முன்னர்க் கார்க்கசோன் நகரில் மத விசாரணையாளர்களின் கொடுமையை எதிர்த்து மக்களைத் திரட்டிய வீரர்; அவர் பேசி முடிப்பதற்குள் சிறைப்படுத்தப்பட்டு, சிறையிலேயே பின்னர் மாண்டார். அவருக்குப் பின் பேச எழுந்தவர்களுக்கும் காவலே கிடைத்தது. அக்டோபர் 7 ஆம் தேதி பாப்பரசரின் சாசனம் வெளிவந்தது. அங்கியின் நீளமும் தரமும் எவ்வாறு இருக்கவேண்டும், களஞ்சியமும் நிலவறையும் வேண்டுமா வேண்டாவா என்பவற்றைத் தீர்மானிப்பது மேலதிகாரிகளே. ஆன்மிகர் குட்டை அங்கியைக் களைந்து அவர்களுக்குக் கீழ்ப்படியவேண்டும். ஏழ்மை பெரிது, கற்பு அதனிலும் பெரிது, கீழ்ப்படிதலே யாவற்றினும் பெரிது என்ற கருத்துடன் அந்தச் சாசனம் முடிவுற்றது.

இதன்பின் மைக்கேல் அவர்களை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தச் சாசனத்துக்குக் கீழ்ப்படிகிறாயா? இத்தகைய சாசனத்தை வெளியிடப் பாப்பரசருக்கு அதிகாரம் உண்டு என்று நம்புகிறாயா? இரண்டாவது கேள்வியே உயிரைக் குடித்த கேள்வி. முதலாவதற்கு இல்லை என்றவன் கீழ்ப்படியாதவன் மாத்திரமே. அவனைச் சிறையிலிடலாம், சபையினின்று நீக்கலாம், எரிக்க முடியாது. இரண்டாவதற்கு இல்லை என்றவனோ, பாப்பரசரின் அதிகாரத்தையே மறுக்கும் பதிதன் ஆகிறான். ஆன்மிகரின் நியாயம் இது: பிரான்சிஸின் ஒழுங்கு சுவிசேஷமே; சுவிசேஷத்தினின்று விலக்களிக்கப் பாப்பரசராலும் ஆகாது; ஆகவே சுவிசேஷத்துக்கு விரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படிவதே பாவம். பலர் சாசனத்துக்கு இணங்கினார்கள். இணங்காத இருபத்தைந்து பேர் வரையில், மார்செய் நகரில் இருந்த மத விசாரணை அதிகாரி மிஷேல் லெ முவான் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பழைய காலத்தில் ஆன்மிகரைத் துன்புறுத்தியதற்காகக் கிளெமென்ட் பதவி நீக்கம் செய்தவர்களுள் ஒருவர் இந்த மிஷேல். தம்மை வீழ்த்தியவர்களுக்கே இவர் நீதிபதியானார். இத்தகைய ஒரு நியமனத்தை அறியாமல் செய்ததாக எண்ண என்னால் முடியவில்லை.

மாதக்கணக்கான விசாரணைக்குப் பின் ஐவரே எஞ்சினர். அவர்களுள் பெர்னார் அஸ்பா என்பவர் கடைசியில் மனம் மாறி ஆயுட்சிறை பெற்றார். ஜான் பர்ரோ, தெயோதா மிஷேல், கிய்யோம் சாந்தோன், போன்ஸ் ரொக்கா ஆகிய நால்வரும் அசையவில்லை. அக்கூல் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டு, அன்றே அவர்கள் எரிக்கப்பட்டார்கள். திருச்சபை தன் கையால் இரத்தம் சிந்துவதில்லை என்பது அக்காலத்து விதி. குற்றவாளியை லௌகிக அதிகாரத்திடம் ஒப்புவித்துவிடும். மார்செய் அப்பொழுது நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட்டின் ஆட்சிக்குட்பட்டது. அதே ராபர்ட்டின் மனைவி சாஞ்சா அரசியார் ஆன்மிகருக்குப் பெரும் ஆதரவாளர். அரசரும் ஏழ்மை விரதத்தை ஆதரித்துப் பின்னால் ஒரு நூலே எழுதியவர். சிசிலியை ஆண்ட பிரெடெரிக்கும் டஸ்கனியினின்று ஓடிவந்த ஆன்மிகருக்குச் சில காலம் புகலிடம் அளித்துப் பின்னர்ப் பாப்பரசரின் நிர்ப்பந்தத்தால் கைவிட்டார். அரசர்களின் பக்தி உண்மையானதே. ஆனால் பாப்பரசருடன் உள்ள உறவுக்குப் பங்கம் நேரும் இடத்தில் அந்தப் பக்தி நின்றுவிட்டது.

அவ்வாண்டிலேயே ஒலிவியின் கல்லறை அழிக்கப்பட்டு, எலும்புகள் அகற்றப்பட்டன. எரிந்த நால்வரையும் வேதசாட்சிகள் என்று பெகீன்கள் போற்றத் தொடங்கினார்கள். அவ்வாறு போற்றுவதே குற்றமாயிற்று. நார்போன், லோதேவ், பெஸியே, லூனெல் என்று ஊர்தோறும் சிதைகள் மூண்டன. சுமார் பத்து ஆண்டுகளில் நூறு பேர் வரையில் மடிந்தார்கள். இரவில் சென்று சாம்பலினின்று எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிவந்து வீட்டில் மறைத்து வைத்துப் பூசித்ததை, விசாரணை ஏடுகளில் நெசவாளர்களும் பெண்களும் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மோன்பெலியே நகரத்து நா ப்ரூஸ் பொநேத்தா என்னும் பெண்மணி, 1325 இல் விசாரணையாளர் முன்னிலையில், பாப்பரசர் ஜான் தம் பதவியின் அருளை இழந்துவிட்டார் என்று அச்சமின்றி அறிவித்து, தாம் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மறுத்தார். எளிய வாழ்வை நாடியவர்கள், உபத்திரவத்தாலேயே பாப்பரசரை அந்திக்கிறிஸ்து என்று எண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அதன் பிறகு அவர்கள் பதிதர்கள் என்பதற்குச் சான்று தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இவ்வளவுடன் வழக்கு முடிந்திருந்தால் சமூகத்தார் வென்றவர்களாக இருந்திருப்பார்கள். 1321 இல் நார்போனில் ஒரு பெகீனை விசாரித்த தொமினிக்கன் சபை அதிகாரி, கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் உரிமையாக எதனையும் வைத்திருக்கவில்லை என்று அவன் சொன்னதையும் குற்றங்களுள் ஒன்றாகச் சேர்த்தார். உடனிருந்த பிரான்சிஸ்கன் போதகர் பெரெங்கேர் தலோன், அது மூன்றாம் நிக்கலஸின் சாசனமே கூறும் உண்மையாயிற்றே என்று மறுத்தார். விவகாரம் அவிஞோனுக்குப் போயிற்று. பாப்பரசர் ஜான், நிக்கலஸ் விதித்த விவாதத் தடையை நீக்கிவிட்டு, 1322 டிசம்பரில், சட்ட நிபுணருக்கே உரிய கூர்மையுடன் அந்தப் பழைய ஏற்பாட்டின் ஆணிவேரையே வெட்டினார். ஒரு முட்டையையோ பாலாடைக்கட்டியையோ ரொட்டித்துண்டையோ சகோதரன் ஒருவன் தின்று தீர்க்கும்பொழுது, அதன் உரிமை பாப்பரசரிடம் இருக்கிறது என்பதற்குப் பொருள் என்ன? உபயோகத்தில் அழிந்துபோகும் பண்டத்தில் உபயோகத்தையும் உரிமையையும் பிரிக்க இயலாது. ஆகவே இனிச் சபையின் சொத்துக்களுக்குத் தாம் உரிமையாளர் அல்லர். அடுத்த ஆண்டு நவம்பர் 12 ஆம் தேதி, கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் எதனையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்று பிடிவாதமாகக் கூறுவது பதிதம் என்று தீர்த்தார்.

1279 இல் திருச்சபையின் போதனையாக இருந்தது, 1323 இல் அதற்கு மாறானதாயிற்று. ஆன்மிகருக்கு எதிராகப் பல ஆண்டுகள் வாதாடிய சட்ட நிபுணர் பொனாகிராசியா, இதனை ஆட்சேபித்ததற்காகச் சிறையிலிடப்பட்டார். நால்வரிடம் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்ட மைக்கேலுக்கும் இப்பொழுது அதே கேள்வி எதிர்நின்றது: முந்தைய பாப்பரசர் விசுவாசத்தைப் பற்றி விதித்ததைப் பின்வந்த பாப்பரசர் மாற்ற அதிகாரம் உண்டா? 1328 மே மாதம் 26 ஆம் தேதி இரவில், பொனாகிராசியாவும் ஆங்கிலத் தத்துவஞானி ஒக்காமின் வில்லியமும் உடன்வர, அவர் அவிஞோனிலிருந்து தப்பி, கடல்மார்க்கமாகப் பீசா நகரை அடைந்து, பாப்பரசரின் பகைவனான பவேரியா நாட்டு லூட்விக் பேரரசனிடம் சரண் புகுந்தார். லூட்விக் சில நாள் முன்புதான் ரோமாபுரியில் ஒரு பிரான்சிஸ்கன் சகோதரரையே எதிர்ப்பாப்பரசராக அமர்த்தியிருந்தான். ஏழ்மையின் தத்துவம் அவனுக்கு உவந்த ஆயுதமாயிற்று. ஜான் பதிதர் என்று குற்றஞ்சாட்ட அது உதவிற்று. எதிர்ப்பாப்பரசர் 1330 இல் மனம் வருந்தி அவிஞோனில் சரணடைந்தார். மைக்கேல் 1342 இல் மூனிக் நகரில், திருச்சபையின் தண்டனை நீங்காமலே இறந்தார்.

எனினும் ஏழ்மையின் வேட்கை அத்துடன் அணைந்துவிடவில்லை. இத்தாலியின் உம்பிரியா எல்லையருகே, புரோலியானோ என்னும் மலைப்பகுதித் தவச்சாலையில், சில சகோதரர்கள் பழைய கண்டிப்பான வாழ்வை மீண்டும் தொடங்கினர். 1350 இல் அவர்கள் சபைத் தலைவர்களின் அதிகாரத்தினின்று தனிச் சலுகை பெற்றார்கள். ஐந்தே ஆண்டுகளில் அச்சலுகை பறிக்கப்பட்டு, அவர்களுடைய தலைவர் ஜெந்தீலே சிறையிலிடப்பட்டார். 1368 இல் போலிஞோ நகரத்து ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த பாவோலுச்சியோ திரிஞ்சி என்னும் சகோதரர் அதே தவச்சாலைக்குத் திரும்பி, அதே முரட்டு அங்கியை உடுத்து, அதே யாசக உணவை உண்டு வாழ்ந்தார். ஆனால் அவர் சபைத் தலைவரிடம் முன்னதாகவே உத்தரவு கேட்டுப் பெற்றிருந்தார், தனிச் சலுகை எதனையும் கோரவில்லை. அவரை எவரும் விசாரிக்கவில்லை. அவர் வழியில் வளர்ந்த கடைப்பிடியினர் எனப்படும் பிரிவாரிடமே, 1517 இல் பத்தாம் லியோ பாப்பரசர் பிரான்சிஸ்கன் சபையின் தலைமையை ஒப்படைத்தார்.